மெதுவோட்டத்துக்கு ஒரு ஜோடி, வேகத்துக்கு ஒரு ஜோடி: இரண்டு ஷூக்களை மாற்றி ஓடப் பழகுவது எப்படி

வேலூர்க் கோட்டை மைதானத்திலும் அகழியை ஒட்டிய பாதையிலும் விடியற்காலையில் ஓடத் தொடங்கியவர்கள், சில மாதங்கள் கழித்து முதன்முறையாக வேகப் பயிற்சியில் இறங்கும்போது, இன்னொரு ஜோடி ஷூ வாங்க வேண்டுமா என்று கேட்பது வழக்கம். வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அதில் ஒரு நாளாவது வேகமாக ஓடுகிறவர் என்றால் வாங்கலாம் என்பதே என் பதில். அதற்குக் குறைவாக ஓடுகிறவர்களுக்கு நல்ல ஜோடி ஒன்றே போதும். அந்தப் பணத்தை அந்த ஒரு ஜோடியின் தரத்தில் போடுவது மேல். இரண்டாவது ஜோடியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்த ஓட்டத்துக்கு எதை அணிவது, புதிய ஷூவுக்குக் கால்களை எப்படிப் பழக்குவது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. புது ஷூ வாங்கிய மாதத்திலேயே கெண்டைக்கால் வலியோடு வந்து நிற்பவர்கள் அப்படித் தாண்டிச் சென்றவர்களே என்பதால், அதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு ஜோடி எதற்காக

ஒரே ஷூவில், ஒரே சாலையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் நாள்தோறும் ஓடும்போது, ஒவ்வோர் அடியும் உடலின் அதே இடங்களில் அதே விதமான சுமையை ஏற்றுகிறது. ஷூவின் தடிமனும், நுரையின் கெட்டித்தன்மையும், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வேறுபாடும் மாறினால், சுமையின் ஒரு பகுதி முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கோ, கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கோ நகர்கிறது. ஒரே தசைநாண் வாரம் முழுவதும் அடி வாங்காமல் இருப்பதற்கு இந்த நகர்வு உதவுகிறது. லக்சம்பர்க்கில் 264 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் தாங்களாகவே அப்படி அணிந்துகொண்டிருந்தவர்கள். ஆய்வாளர்கள் இரு பிரிவாகப் பிரித்து ஷூ கொடுத்துச் சோதிக்கவில்லை. எனவே அந்த 39 சதவீதத்தை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாமல், திசை காட்டும் எண்ணாக எடுத்துக்கொள்வது சரி.

வேகத்துக்கு லேசான ஷூ என்பதிலும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் எடை கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடுகிறது என்பது பலமுறை அளந்து பார்க்கப்பட்ட செய்தி. உங்கள் இரு ஜோடிகளுக்கும் இடையே 50 கிராம் வேறுபாடு என்றால், 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு எடைக் குறைவால் கிடைப்பது பத்து வினாடிக்குள்தான். லேசான ஷூவின் உண்மையான பயன் வேறு. அதன் அடிப்பகுதி மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால், பாதம் தரையை விரைவாகத் தொட்டு விரைவாக எழுகிறது. அடிகள் குறுகி, எண்ணிக்கையில் கூடுகின்றன. வேகமாக ஓடும்போது உடல் எப்படி இயங்க வேண்டுமோ அப்படி இயங்கப் பழகுகிறது. தடித்த ஷூவிலும் 400 மீட்டர் சுற்றுகளை ஓடலாம், ஆனால் அந்தப் பழக்கம் அவ்வளவு எளிதாகக் கைவராது.

மெதுவோட்ட ஷூ கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்

மெதுவோட்டத்துக்கு மிருதுவான ஷூதான் நல்லது என்று பலர் நினைப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் நின்று பார்க்கும்போது பஞ்சு போல் அமுங்கும் ஷூ மிகவும் சுகமாகத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டத்தின் எட்டாவது கிலோமீட்டரில், இடுப்பும் கணுக்காலும் களைத்த பிறகு, அதே ஷூ ஒவ்வோர் அடியிலும் உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்து, கணுக்காலை நிமிர்த்தி வைக்கும் வேலையை நம் தசைகளிடம் தள்ளிவிடும். மெதுவாக ஓடும்போது பாதம் தரையில் தங்கும் நேரமும் அதிகம். எனவே இந்தச் சாய்வு நன்றாகவே தெரியும். வேலூரின் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஷூக்களின் நடுப்பகுதி நுரை, சூடு ஏறினால் இளகும் தன்மையுடையது. கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், இரவு முழுவதும் தணியாத சாலையில் காலை ஏழு மணிக்கு ஓடும்போது, குளிரூட்டிய கடையில் உணர்ந்ததைவிட அந்த நுரை மேலும் மிருதுவாகவே இருக்கும்.

கெட்டி என்பதற்குக் கல் போல் இருக்க வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. லக்சம்பர்க்கிலேயே எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பின்னர் நடந்த சோதனையில், ஷூக்களை ஆய்வாளர்களே பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதில் இரண்டு வகைகளில் கடினமான நுரையுள்ள ஷூ பெற்றவர்களுக்குத்தான் காயம் அதிகம் ஏற்பட்டது. ஆகவே நாம் தேடுவது தடிமனான குஷன் உள்ள, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே மீண்டு எழுகிற, அகன்ற அடிப்பகுதி கொண்ட ஷூ. கட்டைவிரலால் ஷூவின் பக்கவாட்டு நுரையை அழுத்திப் பாருங்கள். விரல் பள்ளமாக இறங்கி, அந்தப் பள்ளம் மெதுவாக நிரம்பினால் அது நமக்கு ஆகாது. பிறகு ஷூவை அணிந்து ஒற்றைக் காலில் இருபது வினாடி நில்லுங்கள். கணுக்கால் இடைவிடாமல் ஆடினால் வேறு ஷூவைப் பாருங்கள்.

முதல் படி: கையில் இருக்கும் ஷூ எந்த வகை என்று கண்டுகொள்வது

புதிதாக ஓடத் தொடங்கியவர்கள் முதலில் வாங்கும் ஷூ பெரும்பாலும் மெதுவோட்டத்துக்கு ஏற்றதாகவே இருக்கும். அதை உறுதி செய்துகொள்ள வீட்டுச் சமையலறைத் தராசே போதும். ஆண்களின் நடுத்தர அளவில் ஒரு ஷூ 260 முதல் 310 கிராம் வரை இருந்தால் அது நாள்தோறும் ஓடுவதற்கான வகை. 240 கிராமுக்குக் கீழே வந்தால் வேகத்துக்கான வகையை நெருங்குகிறது. பெண்களின் அளவுகளில் இவ்வெண்கள் நாற்பது ஐம்பது கிராம் குறையும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை, அதாவது கடைக்காரர்கள் 'டிராப்' என்று சொல்வதை, தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண் தேவைப்படும்.

இருப்பது மெதுவோட்ட வகை என்றால் லேசான ஜோடியைத் தேடலாம். தவறுதலாக முதல் ஷூவே லேசானதாக அமைந்துவிட்டிருந்தால், அடுத்து வாங்க வேண்டியது கெட்டியான குஷன் உள்ள ஜோடிதான். காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்தை 7 நிமிடத்துக்குள் முடிப்பதற்காக நம் மைதானங்களில் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் பலரை இந்த நிலையில் பார்க்கிறேன். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு லேசான ஜோடி; அதில்தான் நாள்தோறும் ஓடுகிறார்கள், அதுவும் வேகமாகவே ஓடுகிறார்கள். முன்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் வலி தொடங்கியதும், ஷூ சரியில்லை என்று இன்னும் லேசான ஷூவைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கெட்டியான குஷன் உள்ள ஜோடியும், அதை அணிந்து மெதுவாக ஓடும் நாட்களும்.

இரண்டாவது படி: லேசான ஜோடியை வாங்குவது

மாலையில் கடைக்குச் செல்லுங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது அணிகிற சாக்ஸையே அணிந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 8-ஆம் எண்ணும் மற்றொன்றின் 8-ஆம் எண்ணும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். லேசான ஷூக்களின் முன்பகுதி பெரும்பாலும் குறுகலாக இருக்கும். சுண்டுவிரல் ஓரத்தில் உரசினால் அரை எண் கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இரு ஜோடிகளின் டிராப் அளவும் மிகவும் விலகியிருக்கக் கூடாது. இருப்பது 10 மில்லிமீட்டர் என்றால், புதியது 6 முதல் 8 வரை இருப்பது தொடக்கத்தில் பாதுகாப்பு. நேராக 4 அல்லது 0-க்கு இறங்கினால், குதிகால் தாழ்ந்து, கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக இழுபடும். கார்பன் தகடு வைத்த போட்டி ஷூக்கள் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. அவை விலை மிகுந்தவை, விரைவில் தேய்பவை; தடித்த மிருதுவான நுரையின் மேல் மெதுவான வேகத்தில் ஓடும்போது நிலைதடுமாறச் செய்பவை.

ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. அப்படி ஒருவரைக் கடைக்கு உடன் அழைத்துச் செல்வது நல்லது. அப்பரும் சோலும் சேரும் இடத்தில் பசை சீராகப் பிடித்திருக்கிறதா, தையல் எங்கே பிரியக்கூடும், இரண்டு ஷூக்களும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கின்றனவா என்பவற்றை அவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். மேசையின் மேல் இரண்டையும் வைத்துப் பின்புறமிருந்து பார்த்தால், ஒன்று சாய்ந்து நிற்பது உங்களுக்கே தெரியும். அப்படிச் சாய்ந்ததை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பணத்தைப் பங்கிடுவதில் ஒரு கருத்து. லேசான ஜோடி பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருப்பதால், அதற்கே அதிகம் செலவழிக்கத் தோன்றும். வாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு தூரத்தை நீங்கள் ஓடப்போவது மற்ற ஜோடியில். பெரிய தொகை அங்கேதான் போக வேண்டும்.

மூன்றாவது படி: ஆறு வாரங்களில் கால்களைப் பழக்குவது

இதை ஒருவரின் அனுபவத்தின் வழியாகச் சொல்வது எளிது. எங்களோடு ஓடும் செவிலியர் ஒருவர், 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறவர், மெதுவோட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏழேகால் நிமிடம் எடுத்துக்கொள்கிறவர். அவருடைய மெதுவோட்ட ஷூ 245 கிராம், டிராப் 10 மில்லிமீட்டர். புதிதாக வாங்கியது 190 கிராம், டிராப் 7 மில்லிமீட்டர். வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு ஓடுவார். வார்டில் நாள் முழுவதும் நிற்கிற வேலை என்பதால், அவருடைய கெண்டைக்கால்களுக்கு ஓட்டம் தவிர வேறு சுமையும் உண்டு.

முதல் வாரம் லேசான ஷூவை அணிந்து அவர் ஓடியது அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. வியாழக்கிழமை வழக்கமான மெதுவோட்டத்தை முடித்த பின், மைதானத்தில் ஷூவை மாற்றிக்கொண்டு, 80 மீட்டர் தூரத்தை நான்கு முறை ஓடினார். ஒவ்வொரு முறையும் மெல்லத் தொடங்கி, நடுவில் நல்ல வேகத்தை எட்டி, இறுதியில் தளர்ந்து நிற்பார். திரும்பி நடந்து வந்து, மூச்சு முழுவதும் சீரான பின் அடுத்ததைத் தொடங்குவார். முழுப் பலத்தையும் போட்டு ஓடுவது கூடாது; தோளும் தாடையும் இறுகாமல் இருக்கும் வேகமே சரியான வேகம். இரண்டாவது வாரம் இதையே வியாழன், ஞாயிறு என இரண்டு நாள் செய்தார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு லேசான ஷூ வந்தது. 2 கிலோமீட்டர் உடலைச் சூடேற்றும் ஓட்டத்தை மெதுவோட்ட ஷூவிலேயே ஓடி, மைதானத்தில் மாற்றிக்கொண்டு, 400 மீட்டரை நான்கு முறை, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 16 வினாடி அளவில் ஓடினார். இடையில் 200 மீட்டர் மெதுவான ஓட்டம். முடிந்ததும் பழைய ஷூவுக்குத் திரும்பி ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடி நிறுத்தினார். இப்படி நடுவில் ஷூ மாற்றுவது இரண்டு நிமிட வேலை. தோள் பையில் இரண்டாவது ஜோடியை எடுத்து வந்து, உடன் ஓடுபவர்களின் பைகளோடு வைத்துவிட்டால் போதும். லேசான ஷூ வேகமான தூரத்துக்கு மட்டும் பயன்படுவதால் அதன் ஆயுளும் நீளும், கெண்டைக்காலும் தேவையில்லாமல் களைக்காது. மாற்றிக்கொள்ள வசதி இல்லாத இடத்தில் முழுப் பயிற்சியையும் லேசான ஷூவிலேயே செய்யலாம். ஆனால் அது ஆறு வாரம் கழிந்த பிறகு.

அந்த வாரம் புதன்கிழமை அவர் அழைத்தார். "அண்ணா, படியிறங்கும்போது வலது கால் மட்டும் இழுக்குது. நைட் டூட்டி முடிச்சிட்டு வந்தேன், அதனால இருக்குமா?" இந்த இடத்தில் எப்படி முடிவெடுப்பது என்பதைப் புதியவர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கெண்டைக்கால்களும் ஒரே அளவில் இறுகியிருந்து, காலையில் எழுந்து சில நிமிடம் நடந்ததும் அது விலகினால், தசை புதிய வேலைக்குப் பழகுகிறது என்று பொருள், திட்டத்தைத் தொடரலாம். ஒரு காலில் மட்டும் வலி இருந்தாலோ, குதிகாலுக்குச் சற்று மேலே உள்ள நாணில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தாலோ, இரண்டு நாள் கழித்தும் காலை முதல் அடிகளில் அது குறையாமல் இருந்தாலோ, லேசான ஷூவை ஒரு வாரம் ஒதுக்கி வைக்க வேண்டும். முன்கால் எலும்பிலோ பாதத்தின் மேற்புறத்திலோ ஒரு குறிப்பிட்ட புள்ளியில், நடக்கும்போதும் வலித்தால் அது வேறு விஷயம். ஓட்டத்தையே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் எலும்பில் நுண்முறிவு அப்படித்தான் தொடங்கும்.

அவருக்கு வலித்தது ஒரு காலில் மட்டும்; ஆனால் நாணில் இல்லை, தசையின் நடுப்பகுதியில். எனவே வியாழனும் ஞாயிறும் மெதுவோட்ட ஷூவில் மட்டும் ஓடச் சொன்னேன். நான்காவது வாரம் புதிதாக எதையும் கூட்டாமல், மூன்றாவது வாரத்தின் நான்கு சுற்றுகளையே திரும்பவும் ஓடினார். அதையும் இரவுப் பணிக்கு மறுநாள் வராதபடி புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். இம்முறை வலி இல்லை. ஐந்தாவது வாரம் ஐந்து சுற்றுகளும் ஆறாவது வாரம் ஆறு சுற்றுகளும் ஓடினார். ஏழாவது வாரத்தில்தான் முதன்முறையாக, சற்று நீண்ட சீரான வேக ஓட்டத்தை, இரண்டு முறை பத்துப் பத்து நிமிடமாக, லேசான ஷூவில் ஓடினார். அதாவது ஆறு வாரத் திட்டம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. அப்படி நீள்வது சாதாரணமாக நடக்கிற ஒன்றுதான்.

நான்காவது படி: எந்த நாள் எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது

காலையில் வாசலில் நின்று யோசித்தால் கை லேசான ஜோடியை நோக்கித்தான் போகும், ஏனெனில் அதில் ஓடும்போது வேகம் தானாக வருவது போல் இருக்கும். மெதுவோட்ட நாளில் அதை அணிந்தால் ஏழேகால் நிமிடத்தில் ஓட வேண்டிய கிலோமீட்டர் ஆறரை நிமிடத்துக்கு இறங்கிவிடும்; அடுத்த வேகப் பயிற்சிக்குக் கால்கள் களைத்தே வரும். எந்த ஓட்டத்துக்கு எந்த ஷூ என்பதை ஞாயிறு மாலையே வாரம் முழுவதற்கும் எழுதி வைத்துவிடுவது நல்லது. வேகப் பயிற்சியும், சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் 5 அல்லது 10 கிலோமீட்டர் போட்டியும் லேசான ஜோடிக்கு. மீதி எல்லாம், நெடு ஓட்டம் உட்பட, கெட்டியான ஜோடிக்கு. உடல் அலுத்திருக்கும் நாளில் வேகப் பயிற்சியை மெதுவோட்டமாக மாற்றினால், ஷூவையும் உடன் மாற்றிவிட வேண்டும்.

தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். லேசான ஷூக்கள் பலவற்றின் அடியில் ரப்பர் சில இடங்களில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும்; மற்ற இடங்களில் நுரையே தரையைத் தொடும். பாலாற்றுக் கரையோரப் பாதைகளிலும் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளின் அடிவாரத்திலும் சீமைக்கருவேல முள் நிறையக் கிடக்கிறது. அது அந்த நுரையில் எளிதாக இறங்கி, சில கிலோமீட்டர் கழித்து உள்ளே வரை வந்து பாதத்தைக் குத்தும். அந்தப் பாதைகளில் முழு ரப்பர் அடிப்பகுதி உள்ள மெதுவோட்ட ஷூவே ஏற்றது. லேசான ஜோடியை மைதான மண்ணுக்கும் சுத்தமான தார்ச்சாலைக்கும் வைத்துக்கொண்டு, ஓட்டம் முடிந்ததும் அடிப்பகுதியை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

காய வைப்பதும் வைக்கும் இடமும்

நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேர ஓட்டத்தில் வியர்வை காலின் வழியாக வழிந்து ஷூவுக்குள் இறங்கிவிடும். அது முழுவதும் காய ஒரு நாள் போதாமல் போகலாம். மேலே சொன்ன செவிலியருக்குச் சனியும் ஞாயிறும் தொடர்ந்து மெதுவோட்டம் இருந்ததால், ஞாயிறு நெடு ஓட்டத்துக்கு ஷூ ஈரமாகவே இருந்து, குதிகாலில் கொப்புளம் வந்தது. சனிக்கிழமை ஓட்டத்தை வெள்ளிக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை நின்றது. இரண்டு ஜோடி இருந்தாலும், அதிகம் உழைக்கும் ஜோடிக்கு நெடு ஓட்டத்துக்கு முன்பாவது ஒரு நாள் கிடைக்கிறதா என்று இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காய வைக்கும்போது இன்சோலை வெளியே எடுத்து, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இது போதும். மொட்டை மாடி வெயிலிலும், வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியிலும் ஷூவை விட வேண்டாம். அங்கே ஏறும் சூட்டில் பசை தளர்கிறது; நுரை தன் மீள்தன்மையைச் சிறிது சிறிதாக இழக்கிறது. வாஷிங் மெஷினில் போடுவதும் இதே காரணத்தால் வேண்டாம். மிதமான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அழுக்கு போய்விடும்.

ஐந்தாவது படி: கணக்கு வைப்பதும் மாற்றுவதும்

வாங்கிய அன்றே ஷூவின் நாக்கின் உட்புறத்தில் மாதத்தையும் ஆண்டையும் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஓடிய தூரத்தை நோட்டிலோ ஸ்ட்ராவா போன்ற செயலியிலோ தனித்தனியாகக் குறித்து வையுங்கள். செவிலியரின் கணக்கையே பாருங்கள். ஆறு சுற்றுகள் ஓடும் வாரத்தில் லேசான ஜோடிக்கு ஏறுவது, வியாழக்கிழமைக் குறும் ஓட்டங்களையும் சேர்த்து, சுமார் 4 கிலோமீட்டர். மெதுவோட்ட ஜோடிக்கு ஏறுவது 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மெதுவோட்ட ஷூ பெரும்பாலும் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 600 என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்தாவது வாரத்தில், அதாவது ஆறு மாதத்துக்குள், அது முடிந்துவிடும். அந்த நேரத்தில் லேசான ஜோடி 100 கிலோமீட்டரைத்தான் எட்டியிருக்கும். ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டிய நிலை வராது. ஒரு லேசான ஜோடியின் காலத்தில் மெதுவோட்ட ஜோடியை மூன்று முறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

கிலோமீட்டர் கணக்கு எச்சரிக்கைதான். முடிவைச் சொல்ல வேண்டியது ஷூ. நுரையின் பக்கவாட்டில் கிடைக்கோடாகச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்து, ஷூவைக் கழற்றிய பின்னும் அப்படியே நின்றால், நுரை தளர்ந்துவிட்டது. மேசையில் வைத்துப் பின்புறமிருந்து பார்க்கும்போது ஒருபக்கம் சாய்ந்திருந்தால், அடிப்பகுதி ரப்பர் நன்றாக இருந்தாலும் உள்ளே அமைப்பு சிதைந்திருக்கிறது. எந்த மாற்றமும் செய்யாமல் ஓடும் வாரங்களில் முழங்காலிலோ முன்காலிலோ இதுவரை இல்லாத நோவு தோன்றினால், முதலில் ஷூவின் தூரத்தைப் பாருங்கள். காலணி தைப்பவர் விட்டுப்போன சோலை ஒட்டித் தருவார், அது பயனுள்ள வேலையும்கூட. அமுங்கிப்போன நுரையை அவராலும் மீட்க முடியாது. எடை கூடியவர்களுக்கும், தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர்களுக்கும் மேலே சொன்ன தூரம் குறையும்.

500 கிலோமீட்டரைக் கடந்ததும் புதிய மெதுவோட்ட ஜோடியை வாங்கிவிடுவது நல்லது. ஒரு மாதம் வரை புதியதைக் குறுகிய ஓட்டங்களுக்கும் பழையதை மற்றவற்றுக்கும் அணிந்து, பிறகு நெடு ஓட்டத்தைப் புதியதற்கு மாற்றலாம். இந்த மாதத்தில் மட்டும் மூன்று ஜோடிகள் சுழற்சியில் இருக்கும். வேகப் பயிற்சியின் தூரத்தை அப்போது கூட்ட வேண்டாம். கால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்துக்குப் பழகட்டும். விலக்கிய ஜோடியைக் கடைவீதிக்கும் மழை நாள் நடைக்கும் வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் இடத்துக்கு அணிந்து செல்ல வேண்டாம், ஒருபக்கம் சாய்ந்த நுரை அங்கேயும் கணுக்காலைச் சாய்த்துக்கொண்டுதான் இருக்கும்.